ரூட் எங்கெல்லாம் போக வேண்டும்? சிறு நிறுவனத்தின் உள் சான்றிதழ்களுக்கு மூன்று வழிகள்

கோயம்புத்தூருக்கு வெளியே பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனம். முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கே நெட்வொர்க் வேலைக்குப் போன முதல் நாள், கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா இஆர்பி-யைத் திறந்து காட்டினார். திரை முழுக்க எச்சரிக்கை. அதன் அடியில் `NET::ERR_CERT_AUTHORITY_INVALID`. அவர் கை நிற்கவே இல்லை. அட்வான்ஸ்டு, ப்ரொசீட், உள்ளே போய்விட்டார்.

"இது எப்பவும் வர்றதுதானுங்களே தம்பி. ரெண்டு அமுக்கு அமுக்குனா போயிரும்."

பிரச்சினை அந்த இரண்டு அமுக்கில்தான் இருக்கிறது. நாளைக்கு யாராவது நடுவில் புகுந்து போலி இஆர்பி பக்கத்தைக் காட்டினாலும் இதே எச்சரிக்கைதான் வரும், இதே இரண்டு அமுக்குத்தான் விழும். ஆகவே உள் சர்வர்களுக்கு உலாவி ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதை எந்த வழியில் கொண்டுவருவது என்பதில்தான் முதலாளிக்கும் எனக்கும் ஒரு வாரம் பேச்சு ஓடியது.

மூன்று வழிகள் இருந்தன. ஓபன்எஸ்எஸ்எல் வைத்துக் கையாலேயே ஒரு சிஏ, அதாவது சான்றிதழ் வழங்கும் அமைப்பு, செய்துகொள்வது முதலாவது. ஸ்டெப்-சிஏ போன்ற ஒரு சர்வரை ஓடவிட்டு, சான்றிதழ் கொடுப்பதையும் புதுப்பிப்பதையும் அதனிடம் விட்டுவிடுவது இரண்டாவது. சொந்த சிஏ எதுவும் இல்லாமல், நிறுவனத்தின் இணைய டொமைனுக்குக் கீழே உள் பெயர்களை வைத்து, பொது சிஏ-வான லெட்ஸ் என்க்ரிப்டிடம் வாங்குவது மூன்றாவது. மைக்ரோசாஃப்டின் சிஏ மென்பொருளான ஏடி சிஎஸ் பற்றியும் முதலாளியிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆக்டிவ் டைரக்டரி ஏற்கெனவே ஓடுகிற இடத்தில் அது நல்ல வழிதான். அந்த விண்டோஸ் டொமைனில் சேர்ந்த எல்லாக் கணினிக்கும் ரூட், அதாவது சிஏ-வை நம்பச் சொல்லும் அதன் தலைமைச் சான்றிதழ், தானாகப் போய்விடும். அப்படி ஒரு டொமைனே இல்லாத இடத்தில் இதற்காக விண்டோஸ் சர்வர் உரிமம் வாங்குவது வண்டிக்காக வீடு கட்டுவது மாதிரி. தவிர, அதன் சான்றிதழ் வார்ப்புருக்களைத் தவறாக அமைத்தால் சாதாரண ஊழியரின் கணக்கை வைத்தே நிர்வாகி பெயரில் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்பது 2021-இல் விரிவாக வெளிவந்த விஷயம். அதை ஒதுக்கிவிட்டோம்.

இணையத்தில் இந்த ஒப்பீட்டைச் செய்பவர்கள் பெரும்பாலும் எது எளிதில் நிறுவத் தகுந்தது என்று பார்க்கிறார்கள். நிறுவுவது எந்த வழியிலும் ஒரு மதிய வேலைதான். சொந்த சிஏ என்றால் அதன் ரூட் சான்றிதழ் ஒவ்வொரு சாதனத்திலும் போய் உட்கார வேண்டும். உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. அதனால் மென்பொருளைத் தொடும் முன் நான் ஒரு தாளில் சாதனங்களை எழுதினேன்.

தாளில் இருந்தவை

விண்டோஸ் கணினிகள் 22. அவற்றில் எட்டு ஹோம் பதிப்பு. உபுண்டு ஐந்து. மேக் இரண்டு. குடோனில் இருப்பு எடுக்க நிறுவனம் கொடுத்த ஆண்ட்ராய்டு போன்கள் ஆறு. அது போக, இஆர்பி-யில் விடுப்பு எழுதவும் சம்பளச் சீட்டு பார்க்கவும் ஊழியர்கள் தங்கள் சொந்த போனிலேயே உள்ளே வருகிறார்கள். அப்படி ஒரு முப்பது போன்.

விண்டோஸில் ரூட்டை ஏற்றுவது ஒரே வரி. நிர்வாகி உரிமையோடு இதை ஓட்டினால் போதும்:

```
certutil -addstore -f Root root.crt
```

விண்டோஸ் டொமைன் இருந்தால் குரூப் பாலிசி மூலம் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஏற்றலாம். இல்லையென்றால் ஒவ்வொரு கணினியாகப் போக வேண்டும், அல்லது தூரத்திலிருந்து கட்டளை ஓட்ட ஏதாவது கருவி வேண்டும். குரோமும் எட்ஜும் விண்டோஸின் இந்தச் சான்றிதழ்க் கிடங்கைப் பார்க்கும். ஃபயர்ஃபாக்ஸுக்கு முன்பு தனிக் கிடங்கு மட்டும்தான் இருந்தது. 120-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டில் இயங்குதளத்தில் நாம் சேர்த்த ரூட்டையும் தானே எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அப்படி இல்லை.

உபுண்டுவில் கோப்பை `/usr/local/share/ca-certificates/` அடைவில் வைத்து `update-ca-certificates` ஓட்ட வேண்டும். இங்கே பலரும் விழும் குழி ஒன்று உண்டு. கோப்பின் பெயர் `.crt` என்று முடிய வேண்டும். `.pem` என்று வைத்தால் பிழை எதுவும் காட்டாமல் `0 added, 0 removed` என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த வரியில் `1 added` என்று வந்ததா என்பதுதான் சோதனை. வந்த பிறகும் குரோம் திறக்காது, ஏனென்றால் லினக்ஸில் குரோம் பயனரின் வீட்டு அடைவில் இருக்கும் வேறொரு கிடங்கைப் பார்க்கிறது:

```
certutil -d sql:$HOME/.pki/nssdb -A -t "C,," -n "Ul Root" -i root.crt
```

விண்டோஸில் பார்த்த கட்டளைக்கும் இதற்கும் பெயர் ஒன்று, ஆள் வேறு. இது `libnss3-tools` தொகுப்போடு வருவது.

இதுவரை இயங்குதளமும் உலாவியும். இதற்கடுத்து வருவதைத்தான் யாரும் முதலில் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. இஆர்பி-யோடு பேசும் அறிக்கை நிரல் ஜாவாவில் எழுதப்பட்டது, தன் ஜாவாவைத் தானே கூடக் கொண்டுவருகிறது. அதற்குள் தனி `cacerts` கோப்பு. நிரலைப் புதுப்பித்தால் நாம் சேர்த்தது அழிந்துவிடும். `pip` வைத்து நிறுவிய பைத்தான் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் இயங்குதளக் கிடங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு `REQUESTS_CA_BUNDLE` கொடுக்க வேண்டும். நோடுக்கு `NODE_EXTRA_CA_CERTS`. டாக்கர் கண்டெய்னர்களுக்கு வெளியே இருக்கும் கணினியில் என்ன ஏற்றினோம் என்பதே தெரியாது. "பிரவுசர்ல வேலை செய்யுது சார், ஸ்கிரிப்ட்ல மட்டும் வரமாட்டேங்குது" என்று யாராவது வந்தால் காரணம் அநேகமாக இவற்றில் ஒன்று. அவர்கள் நம்மிடம் வராமல் `verify=False` என்று எழுதிவிட்டுப் போய்விடுவதுதான் அதைவிடக் கவலை. சான்றிதழே போடாத நிலைக்கு அது திரும்பிப் போவது.

மேக்கில் கட்டளை இருக்கிறது. ஆனால் பிக் சர் பதிப்பு வந்த பிறகு, நிர்வாக மென்பொருள் இல்லாத மேக்கில் யாராவது உட்கார்ந்து கடவுச்சொல் அடித்தே ஆக வேண்டும். ஐபோனில் புரொஃபைலை நிறுவினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட், அதற்கும் கீழே சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் வரை போய் அந்த ரூட்டுக்கு முழு நம்பிக்கையைத் தனியாக இயக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு "ஏத்திட்டேனே" என்பவர்கள்தான் அதிகம்.

ஆண்ட்ராய்டில் தாள் கிழிந்தது

ஆண்ட்ராய்டில் பயனர் சேர்க்கும் ரூட்டுக்கும் போனோடு வரும் ரூட்டுக்கும் ஒரே மரியாதை கிடையாது. ஆண்ட்ராய்டு 7 வந்ததிலிருந்து, அதற்கென எழுதப்பட்ட செயலிகள் பயனர் சேர்த்த ரூட்டை இயல்பாக நம்புவதில்லை. குரோம் நம்பும், மற்றவை பெரும்பாலும் நம்பாது. செயலியை எழுதியவர் அதன் நெட்வொர்க் பாதுகாப்பு அமைப்பில் "பயனர் சேர்த்ததையும் ஏற்றுக்கொள்" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் உண்டு. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து ஒரு செயலி நேரடியாக ரூட்டை நிறுவக் கேட்கவும் முடியாது. ஆள்தான் செட்டிங்ஸுக்குள் போய், "உங்கள் தரவு தனியாக இருக்காது" என்ற எச்சரிக்கையைத் தாண்டி நிறுவ வேண்டும்.

குடோனில் இருந்த ஆறு போன்களிலும் இருப்பு எடுக்கும் செயலி ஒன்று ஓடியது. வெளியில் வாங்கியது. ஒரு போனில் சோதனை ரூட்டை ஏற்றினேன். குரோமில் இஆர்பி பச்சையாகத் திறந்தது. அதே போனில் அந்தச் செயலி "இணைப்பு இல்லை" என்றது. செயலி செய்து கொடுத்தவர்களிடம் கேட்டால் அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த பதிப்பு எப்போது என்பதற்குப் பதில் இல்லை.

ஊழியர்களின் சொந்த போன் இன்னொரு வகையான சிக்கல், இதில் தொழில்நுட்பம் பாதிதான். ஒருவருடைய சொந்த போனில் நம் ரூட்டை ஏற்றச் சொல்வது என்றால், அந்த ரூட்டின் சாவி வைத்திருப்பவர் அவருடைய உலாவிக்கு எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் எழுதிக் காட்டலாம் என்ற அதிகாரத்தைக் கேட்பது. வங்கித் தளம் உட்பட. நாம் அப்படிச் செய்ய மாட்டோம் என்பது வேறு. அப்படிக் கேட்க முதலாளிக்கு உரிமை இருக்கிறதா என்பதே கேள்வி. நான் இதை விளக்கியதும் அவர் சட்டென்று சொன்னார்: "அப்ப அது வேண்டாந்தம்பி. என் போன்லயே நான் போட மாட்டேன்."

அந்த அதிகாரம் எங்கே கிடந்தது

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே எனக்குத் தெரிந்த ஒரு சங்கதி. எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் 2021-இலேயே ஓபன்எஸ்எஸ்எல் வைத்து ஒரு ரூட் செய்திருந்தார். ஒன்பது விண்டோஸ் கணினிகளிலும் அந்தக் குடோன் போன்களிலும் ஏற்றியும் இருந்தார். கணக்குப் பிரிவு அக்காவுடையது அதற்குப் பிறகு வாங்கிய லேப்டாப், அதில் ஏற்ற யாரும் இல்லை. அதனால்தான் அவருக்குச் சிவப்பு. தேடிப் பார்த்ததில் பொதுவான நாஸ் அடைவில் "சர்ட்" என்ற ஃபோல்டரில் `root.crt` பக்கத்திலேயே `root.key` இருந்தது. கடவுச்சொல் இல்லை. முப்பத்தெட்டுப் பேரும் திறக்கலாம். அந்த ஒன்பது கணினியில் யாருடைய வங்கிப் பக்கத்துக்கும் போலிச் சான்றிதழ் எழுதத் தேவையான எல்லாம் ஐந்து வருடமாக அங்கேயே கிடந்தது.

கையால் செய்யும் முதல் வழியின் குறை கட்டளைகள் கடினம் என்பதல்ல. அந்த வழியில் எதையும் மறந்துவிட இடம் அதிகம். சாவியை எங்கே வைப்பது என்று மென்பொருள் கேட்காது. ஒவ்வொரு சான்றிதழின் காலாவதியும் யாரோ ஒருவரின் நினைவில் இருக்கும். அந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பத்து வருடச் சான்றிதழ் எழுதத் தோன்றும். எழுதினால் ஆப்பிள் சாதனங்கள் ஏற்காது. 2019 ஜூலைக்குப் பிறகு எழுதப்பட்ட சர்வர் சான்றிதழ் 825 நாளுக்கு மேல் போனால், சொந்த ரூட்டிலிருந்து வந்தாலும் அவை நிராகரிக்கும். இன்னொரு பழைய பிழை, சர்வர் பெயரை சிஎன் புலத்தில் மட்டும் எழுதுவது. குரோம் 2017-இல் 58-ஆம் பதிப்பிலிருந்து அதைப் பார்ப்பதை விட்டுவிட்டது. பெயர் எஸ்ஏஎன் புலத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வருவது `NET::ERR_CERT_COMMON_NAME_INVALID`. இந்த எழுத்து வந்தால் ரூட்டை மறுபடி மறுபடி ஏற்றிப் பயனில்லை, தவறு சர்வர் சான்றிதழில்.

சொந்த ரூட் செய்தே ஆக வேண்டும் என்றால் அதன் அதிகாரத்தைப் பிறக்கும்போதே குறுக்கிவிட வேண்டும். எங்கள் பெயர் எல்லாம் `ul.example.com` என்ற துணைப்பெயருக்குக் கீழே வருவதாக வைத்துக்கொள்வோம். ரூட்டின் அமைப்புக் கோப்பில் இப்படி எழுதலாம்:

```
[ca]
basicConstraints = critical,CA:TRUE
keyUsage = critical,keyCertSign,cRLSign
subjectKeyIdentifier = hash
nameConstraints = critical,permitted;DNS:ul.example.com
```

கடைசி வரிதான் முக்கியம். இந்த ரூட் `ul.example.com`-க்கு வெளியே எந்தப் பெயருக்குச் சான்றிதழ் எழுதினாலும் செல்லாது என்கிறது அது. இரண்டு எச்சரிக்கை. பெயர்களை மட்டும் கட்டுப்படுத்தினால் ஐபி முகவரிகளுக்கான சான்றிதழ் கட்டுப்படாது, அதற்கும் தனி வரி வேண்டும். இரண்டாவது, ரூட்டில் எழுதியிருக்கும் கட்டுப்பாட்டைச் சோதித்தே ஆக வேண்டும் என்று விதி எல்லா மென்பொருளையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே ஏற்றப்போகும் ஒவ்வொரு வகைச் சாதனத்திலும் வேண்டுமென்றே தவறான பெயருக்கு ஒரு சான்றிதழ் எழுதி, அது நிராகரிக்கப்படுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஸ்டெப்-சிஏ

இரண்டாவது வழி முதல் வழியின் மறதிகளில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும். `step ca init` ஓட்டினால் ரூட்டும் அதற்குக் கீழே ஓர் இடைநிலைச் சான்றிதழும் உருவாகும். அன்றாடம் கையெழுத்திடுவது இடைநிலையின் சாவி. ரூட்டின் சாவி `secrets/root_ca_key` கோப்பில் இருக்கும். அதை இரண்டு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடலாம், சிஏ தொடர்ந்து ஓடும். மேலே சொன்ன மாதிரி குறுக்கிய ரூட்டை முதலில் செய்து, `--root`, `--key` என்று கொடுத்துத் தொடங்கவும் முடியும். ஆக்மி நெறிமுறையும் அதற்குத் தெரியும். லெட்ஸ் என்க்ரிப்டிடம் பேசும் அதே கருவிகளை இதனிடம் திருப்பிவிட்டால் சான்றிதழ் தானாக வந்து தானாகப் புதுப்பிக்கப்படும்.

எனக்கு இதில் ஒரு சூடு பட்டிருக்கிறது. வேறோர் இடத்தில் இதை அப்படியே, இயல்பு அமைப்போடு ஓடவிட்டேன். அது கொடுக்கும் சான்றிதழின் ஆயுள் 24 மணி நேரம். மூன்றில் இரண்டு பங்கு நேரம் போனதும் புதுப்பித்துக்கொள்ளும், பல மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பொங்கலுக்கு நாலு நாள் விடுமுறை, மின்சாரம் மிச்சம் என்று சர்வர் அறையையே அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து இயக்கினால் ஒன்றும் ஒன்றோடு பேசவில்லை. ஆக்மியில் வாங்கியவை சில நிமிடத்தில் புதிதாக வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டன. `step ca renew` வைத்து ஓடியவை எழவில்லை. அந்தக் கட்டளை பழைய சான்றிதழைக் காட்டித்தான் புதியதைக் கேட்கிறது, பழையது காலாவதி ஆனால் காட்ட ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் கையால் டோக்கன் கொடுத்துக்கொண்டே அன்றைக்கு மதியச் சோறு போனது. இப்போது எங்கே போனாலும் முதல் வேலை இதுதான், டோக்கன் வழிக்கும் `acme` இருக்கும் இடத்தில் அதன் பெயரைப் போட்டு இதே கட்டளை:

```
step ca provisioner update acme \
  --x509-default-dur 720h --x509-max-dur 2160h
```

முப்பது நாள். எந்தப் பண்டிகைக்கும் தாங்கும். அதன் பின் சிஏ-வை மறுபடி தொடங்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், ரூட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் வேலையை ஸ்டெப்-சிஏ குறைக்கவில்லை. எழுதும் வேலையை எளிதாக்குகிறது. குடோன் செயலியும் முப்பது சொந்த போன்களும் தாளில் அப்படியே இருந்தன.

ரூட்டே வேண்டாம் என்ற வழி

மூன்றாவது வழியில் ரூட் ஏற்கெனவே எல்லாச் சாதனத்திலும் இருக்கிறது. குடோன் செயலியிலும் ஜாவாவிலும்கூட. நிறுவனத்துக்கு ஒரு டொமைன் இருந்தது, உள் பெயர்களை அதன் கீழே வைத்துவிட்டால் போதும். சர்வர் இணையத்துக்குத் திறந்திருக்க வேண்டியதில்லை. டிஎன்எஸ்-01 என்ற சோதனையில் லெட்ஸ் என்க்ரிப்ட் நம் சர்வரைத் தொடுவதில்லை. `_acme-challenge` என்ற பெயரில் அது சொன்ன எழுத்தை டிஎன்எஸ்ஸில் வைத்தோமா என்று மட்டும் பார்க்கிறது.

இதற்கும் விலை உண்டு. முதலாவது, கொடுக்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏறும். `payroll.ul.example.com` என்று வாங்கினால் அப்படி ஒரு சர்வர் இருப்பது உலகத்துக்கே தெரியும். தனித்தனியாக வாங்காமல் `*.ul.example.com` என்று ஒன்றாக வாங்கினால் இது மறையும். ஆனால் ஒரே சாவி பல இடத்தில் சுற்றும். நாங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு என்ஜின்எக்ஸ் வைத்தோம். சாவி அந்த ஒரு கணினியில் மட்டும். இஆர்பி, கிட் சர்வர், நாஸ், கேமரா பதிவுப்பெட்டி, எல்லாம் அதன் பின்னால் தனிப் பிரிவில். ஆக்மி என்றால் என்னவென்றே தெரியாத கேமரா பெட்டிக்கும் இதனால் வழி பிறந்தது.

இரண்டாவது விலை, டிஎன்எஸ்ஸை மாற்றும் டோக்கன் அந்தக் கணினியில் கிடக்க வேண்டும். அதைத் திருடினால் நிறுவனத்தின் மின்னஞ்சலையே வேறு பக்கம் திருப்பலாம். பழைய ரூட் சாவிக்குப் பதில் இன்னொரு சாவி, அவ்வளவுதான். இதைத் தவிர்க்க `_acme-challenge.ul.example.com` என்ற ஒரு பெயரை மட்டும் சிநேம் மூலம் வேறொரு சின்ன டிஎன்எஸ் பகுதிக்குத் திருப்பிவிட்டு, டோக்கனுக்கு அந்தப் பகுதியில் மட்டும் உரிமை கொடுத்தோம். இதைச் செய்யாமல் மூன்றாவது வழியை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, ஆயுள். இப்போது 90 நாள். பொதுச் சான்றிதழ்களுக்கான உச்ச வரம்பு 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 என்று இறங்குகிறது. லெட்ஸ் என்க்ரிப்ட் 2028-இலேயே 45 நாளுக்கு வரப்போவதாக அறிவித்திருக்கிறது. கருவி தானாகப் புதுப்பித்தால் இது பிரச்சினையே இல்லை. தானாகப் புதுப்பிக்க முடியாத ஒரு பெட்டி இருந்தால் அதுவே முழுப் பிரச்சினை. காலாவதி நெருங்குகிறது என்று வந்துகொண்டிருந்த மின்னஞ்சலையும் 2025 ஜூனில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். நம் கண்காணிப்பு நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்னத் தடங்கலும் வந்தது. சான்றிதழ் வந்தாயிற்று, ஆனால் குடோன் வைஃபையில் மட்டும் பெயர் திறக்கவில்லை. வெளி டிஎன்எஸ்ஸில் `192.168` முகவரியைப் பதில் சொல்ல வைத்திருந்தேன். அங்கே இருந்த ரவுட்டர், வெளியிலிருந்து உள் முகவரி பதிலாக வந்தால் தாக்குதல் என்று நினைத்து விழுங்கிவிடும். உள்ளேயே ஒரு டிஎன்எஸ் வைத்து அந்தப் பெயர்களுக்குப் பதில் சொல்ல வைத்ததும் சரியாயிற்று. உள் முகவரிகளை வெளியே எழுதி வைக்கவும் வேண்டியதில்லாமல் போனது.

உங்கள் பெயர்கள் `.lan` மாதிரி இருந்தால் இந்த வழி இல்லவே இல்லை. பொது சிஏ-க்கள் அப்படிப்பட்ட பெயர்களுக்குக் கொடுப்பதை 2015 நவம்பரோடு நிறுத்திவிட்டன. இணையமே எட்டாத ஆலைப் பிரிவுக்கும், எல்லாச் சாதனமும் நிர்வாக மென்பொருளின் கீழ் இருக்கும் நிறுவனத்துக்கும் சொந்த சிஏ-தான் சரி. முன்னதில் வேறு வழியில்லை, பின்னதில் ரூட்டை அனுப்புவது ஒரு பொத்தான்.

கடைசியில் எடுத்தது

மனிதர்கள் திறக்கும் எல்லாவற்றுக்கும் மூன்றாவது வழி. ஆனால் ஸ்டெப்-சிஏ-வையும் விடவில்லை. இஆர்பி-யின் தரவுத்தளத்துக்கும் காப்புப்பிரதி எடுக்கும் கணினிக்கும் நடுவில் இரு பக்கமும் சான்றிதழ் காட்டிப் பேச வேண்டியிருந்தது. கேட்கும் பக்கமும் தன்னை நிரூபிக்கும் அந்தச் சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் பயன்படாது. அந்த உபயோகத்தைத் தன் சான்றிதழ்களிலிருந்து 2026-இல் எடுத்துவிடுவதாக முன்பே சொல்லிவிட்டது. அதற்குச் சொந்த சிஏ வேண்டும், நான்கு லினக்ஸ் கணினிகளுக்கு மட்டும்.

அந்த நான்கிலும்கூட ரூட்டை இயங்குதளக் கிடங்கில் ஏற்றவில்லை. மரியாடிபி-யின் அமைப்புக் கோப்பில் ஒரே வரி:

```
ssl-ca = /etc/mysql/ul-root.crt
```

இப்படி வைத்தால் அந்த ரூட்டை நம்புவது மரியாடிபி மட்டும். நாளைக்கு சாவி திருடு போனாலும் அந்தக் கணினியின் `curl` ஏமாறாது. ரூட் விநியோகம் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் கிடங்கில் ஏற்றுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு நிரலுக்குள் மட்டும் சொல்ல முடிந்தால் அதுவே போதும்.

முதல் நாள் ஒரு கணினி மட்டும் இணைய மறுத்தது. எங்கே தவறு என்று பார்க்க எனக்கு எப்போதும் கைகொடுப்பது `openssl s_client -connect`, அதன் கடைசியில் வரும் `Verify return code`. அது 20 என்றால் ரூட் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. 21 என்றால் சர்வர் தன் இடைநிலைச் சான்றிதழைச் சேர்த்து அனுப்பவில்லை. மரியாடிபி-க்கு அதைக் கேட்க `-starttls mysql` சேர்க்க வேண்டும், ரூட் இயங்குதளக் கிடங்கில் இல்லாததால் `-CAfile /etc/mysql/ul-root.crt` என்றும் கொடுக்க வேண்டும். வந்தது 21. சர்வர் கோப்பில் இடைநிலையைக் கீழே ஒட்டியதும் 0 ஆயிற்று.

மிச்சம் இருந்தது 2021-இன் பழைய ரூட். புதியதை அமைத்ததைவிட அதை எடுப்பதற்குத்தான் நாளானது. நாஸில் கிடந்த சாவியை அழித்தால் மட்டும் போதாது, யார் எப்போது பிரதி எடுத்தார்கள் என்று எந்தப் பதிவும் இல்லை. ஒன்பது கணினியிலும் `certutil -delstore Root` கட்டளையை, கடைசியில் அந்த ரூட்டின் வரிசை எண்ணைச் சேர்த்து ஓட்டினேன். போன்களில் ஒவ்வொன்றாக செட்டிங்ஸுக்குள் போய்க் கையால்தான். ஐந்து முடிந்தது. ஆறாவது போனை வைத்திருந்தவர் சபரிமலைக்கு மாலை போட்டுப் போயிருந்தார், போனும் கூடவே போயிருந்தது. அவர் பெயரைத் தாளில் வட்டமிட்டு, சர்வர் அறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.